நாற்பது நிமிடத்தில் நடுநிலை

மயிலிட்டிக் கடற்கரையில் வளர்ந்த மாணவனிடம், ‘இழுவைமடித் தொழிலைத் தடைசெய்தது தகுமா?’ என்று போட்டிப் பரீட்சையில் வினவினால் பேனா தானே ஓடும். ஆபத்தும் அதுவே. 2017-இல் இலங்கை அதனைச் சட்டத்தால் தடுத்தது. மடி கடலடியைச் சுரண்டிக் குஞ்சு மீன்களையும் வாரிவிடும் என்று எழுதுவதிலேயே 30 நிமிடம் கழியும். எதிர்த்தரப்புக்கு ஒரு வரியே மிஞ்சும்.

40 நிமிடம் கிடைக்குமாயின், முதல் 5 நிமிடத்தில் தம் முடிவை ஒரே வாக்கியமாகக் குறித்துக்கொள்ளல் வேண்டும். பின்னர் எதிர்வாதங்களுள் வலியதைத் தேர்க: அப்படகுகளில் கூலிக்குச் செல்வோர் வீட்டில் அடுப்பு எவ்வாறு எரியும்? இதற்குத் தனிப் பத்தி தந்து, ‘எனினும்’ என்று தொடங்கி விடையிறுக்கலாம்: தடை நிற்கட்டும், தொழில் மாறக் கடனும் அவகாசமும் அளிக்கப்படட்டும். இரு பக்கத்தையும் சரிபாதியாக எழுதி, முடிவின்றி விடுவதும் பிழையே. இறுதி 5 நிமிடத்தில் முடிவுரையை முதற்குறிப்போடு ஒப்பிட்டால், வழி விலகியிருப்பின் அங்கே தெரிந்துவிடும்.