வலி போனது, கட்டி போகவில்லை

"மாரு வலிக்குது" என்று ஒரு பெண் மருத்துவமனையில் சொன்னால், முதலில் ஈ.சி.ஜி. எடுத்துவிடுவார்கள். நம் மொழியில் நெஞ்சுக்கும் மார்பு, மார்பகத்துக்கும் மார்பு. எந்த மார்பு என்று விளக்கிச் சொல்லக் கூச்சம். ஈ.சி.ஜி. சரியாக வந்ததும் "வாயுவா இருக்கும்" என்ற பதிலோடு வீடு திரும்புகிறார்கள். வலி அடுத்த மாதமும் அதே நாளில் வருகிறது.

அந்த "அதே நாள்"தான் இங்கே முக்கியம். மார்பக வலியை எடைபோட முதலில் வேண்டியது ஸ்கேன் இல்லை, சுவரில் தொங்கும் நாள்காட்டி.

ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். வயது 34, ஒரு குழந்தை, பள்ளி ஆசிரியை. மாதவிடாய் 29 நாளுக்கு ஒருமுறை தவறாமல் வருகிறது. மார்ச் 3ஆம் தேதி ரத்தப்போக்கு தொடங்கியது. அதுதான் முதல் நாள். 19ஆம் தேதியிலிருந்து இரண்டு மார்பகங்களும் கனக்கத் தொடங்கின. மாதக் கடைசி வாரத்தில் பேருந்து குலுங்கினாலே வலித்தது, குழந்தை ஓடிவந்து மேலே விழுந்தால் உயிர் போனது. அக்குளை ஒட்டிய மேல்பகுதியில்தான் வலி அதிகம். இடது பக்கம் கொஞ்சம் கூடுதல். 26ஆம் தேதி குளிக்கும்போது சோப்பு நுரையில் விரல் வழுக்கிப் போனபோது, இடது பக்கம் புளியங்கொட்டை அளவில் ஏதோ தட்டுப்பட்டது.

அன்று இரவு அவர் தூங்கவில்லை.

மார்பகத்துக்குள் பால் சுரக்கும் சிறு நுண்ணறைகளும், அந்தப் பாலைக் கொண்டுவரும் குழாய்களும், இடையில் கொழுப்பும் நாரும் இருக்கின்றன. ஒவ்வொரு மாதமும் கருமுட்டை வெளிவந்த பிறகு உடல் ஒரு கர்ப்பத்துக்குத் தயாராகிறது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்கள் ஏறுகின்றன. நுண்ணறைகள் பெருகி வீங்குகின்றன, சுற்றிலும் நீர் கோக்கிறது. வராத குழந்தைக்காக நடக்கும் ஏற்பாடு இது. கரு தங்கவில்லை என்றதும் ஹார்மோன் அளவு சரிகிறது, மாதவிடாய் வருகிறது, நீர் வடிகிறது, பெருகிய செல்கள் பெரும்பாலும் அழிகின்றன. சுரப்பித் திசு அதிகமாக இருப்பது அக்குளை ஒட்டிய மேல்பகுதியில். அதனால் கனமும் வலியும் அங்கேதான் கூடுதலாகத் தெரிகின்றன, சிலருக்கு மேல்கைவரை இழுக்கிறது.

எனவே சுழற்சி வலிக்கு ஒரு முகம் உண்டு. மாதவிடாய்க்கு முந்தைய இரண்டு வாரங்களில் வரும், போகப் போகக் கூடும், ரத்தம் பட்ட ஓரிரு நாளில் தணியும். பெரும்பாலும் இரு பக்கமும் இருக்கும். ஒரு பக்கம் சற்று கூடுதலாக இருந்தால் அதில் வியப்பில்லை. எங்கே வலி என்று கேட்டால் உள்ளங்கையால் தடவிக் காட்டுவார்கள், ஒற்றை விரலால் தொட்டுக் காட்ட மாட்டார்கள்.

வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் மார்பக வலிக்கென்றே ஒரு மருத்துவப் பிரிவை நடத்தியவர்கள், நோயாளிகளின் கையில் ஓர் அட்டையைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு நாளும் ஒரு கட்டம். கடும் வலி என்றால் கட்டம் முழுக்கக் கறுப்பு, லேசான வலி என்றால் பாதி, வலி இல்லை என்றால் ஒரு புள்ளி. 1987இல் அவர்கள் ஒரு புதிய வகைப்பாட்டையும் முன்வைத்தார்கள்: மாதந்தோறும் வரும் இந்த வலியையும் திரட்சியையும் நோய் என்று சொல்லாமல், இயல்பு சற்றே வழி விலகியது என்று பார்க்கலாம் என்றார்கள். நாம் அட்டை அச்சடிக்க வேண்டியதில்லை. தினசரித் தாளில் பால் கணக்கு எழுதுகிற இடத்தில் பேனாவால் ஒரு குறி போட்டாலே போதும். இரண்டு மாதக் குறிகளை அடுத்தடுத்து வைத்தால் வலியின் வடிவம் தானாகத் தெரியும். குறிகள் மாதவிடாய்க்கு முன்னால் கொத்தாக விழுந்திருந்தால் சுழற்சி வலி. மாதம் முழுக்கச் சிதறிக் கிடந்தால் காரணம் வேறு. விலா எலும்பு நெஞ்செலும்போடு சேரும் குருத்தெலும்பில் வீக்கம் இருந்தால் அது மார்பக வலி போலவே இருக்கும். அந்த இடத்தை ஒரு விரலால் அழுத்தினால் சுரீர் என்னும். கருத்தடை மாத்திரை தொடங்கியதாலும் வலி வரலாம். நாள் தள்ளிப்போயிருந்தால் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்துபாருங்கள். மார்பு கனப்பது கருவுற்றதன் ஆரம்ப அறிகுறிகளில் ஒன்று.

இனி அந்தப் புளியங்கொட்டை.

அவர் அதைக் கண்டது 24ஆம் நாள். மார்பகத்தைத் தடவிப் பார்க்க மாதத்திலேயே மோசமான நேரம் அது. அந்த வாரத்தில் பல பெண்களுக்கு மார்பகம் முழுதுமே, ஈரப் பைக்குள் பயறு கொட்டி வைத்தது போல நெருடும். தடித்த இடம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. மாதவிடாய் வந்து நான்கைந்து நாள் கழிந்த பிறகு, அதாவது 5ஆம் நாளிலிருந்து 10ஆம் நாளுக்குள், மார்பகம் மிக மெலிந்து மென்மையாக இருக்கும். பார்க்க வேண்டியது அப்போது. நடு மூன்று விரல்களின் பட்டையான பகுதியால், விலா மேல் வைத்து அழுத்தித் தடவ வேண்டும். கட்டைவிரலையும் சேர்த்துக் கிள்ளிப் பிடித்துப் பார்த்தால் எந்த மார்பகத்திலும் கட்டி "கிடைக்கும்". பாதிப் பயம் இப்படிக் கிள்ளிப் பார்த்து வந்ததுதான்.

அடுத்த மாதவிடாய் ஏப்ரல் 1ஆம் தேதி வந்தது. 2ஆம் தேதி இரவுக்குள் வலி அடங்கிவிட்டது. 7ஆம் தேதி, அதாவது 7ஆம் நாள், மறுபடி பார்த்தார். பயறு நெருடல் எல்லாம் கரைந்துவிட்டது. புளியங்கொட்டை மட்டும் அதே இடத்தில் இருந்தது. சுற்றிலும் ஓரம் தெரிந்தது. விரலுக்கு அடியில் நழுவி ஓடியது. அழுத்தினால் வலிக்கவே இல்லை.

பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். வலி மாதவிடாயோடு வந்து மாதவிடாயோடு போனது, ஆகவே கட்டியும் அதைச் சேர்ந்ததுதான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வலி ஒரு கேள்வி, கட்டி இன்னொரு கேள்வி. வலியின் விடையைக் கட்டிக்குப் பொருத்த முடியாது. ஒரு மாதவிடாய் கடந்தும் தங்கிவிட்ட கட்டியை, நழுவினாலும் சரி, வலிக்காவிட்டாலும் சரி, மருத்துவர் பார்க்க வேண்டும். 30 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஓரம் தெரியாத திரட்சி இருந்தால் ஒரு சுழற்சி காத்திருக்கலாம். 30ஐத் தாண்டியவர்கள் தனியாக ஓரம் தெரியும் கட்டிக்கு மாதவிடாயைக் காரணம் காட்டி நாள் கடத்தக் கூடாது.

எந்த நாளாக இருந்தாலும் காத்திருக்கக் கூடாத மாற்றங்கள் சில உண்டு. தோலில் குழி விழுவது, ஆரஞ்சுத் தோல் போலத் துளைதுளையாகத் தடிப்பது, முன்பு வெளியே இருந்த காம்பு புதிதாக உள்ளிழுப்பது, அழுத்தாமலே ஒரு பக்கக் காம்பில் ரத்தமோ தெளிந்த நீரோ கசிவது, காம்பின் மேல் ஆறாத சொறிப்புண், அக்குளில் கட்டி. பால் கொடுக்காத பெண்ணுக்கு மார்பகம் சிவந்து வீங்கி, மருந்துக்கும் அடங்காவிட்டால் அதையும் இவற்றோடு சேர்க்க வேண்டும். இவை எதுவும் மாதச் சுழற்சியால் வருவதில்லை.

8ஆம் தேதி ஆசிரியை ஓர் அறுவை மருத்துவரிடம் போனார். "எப்பம்மா குளிச்சீங்க?" என்பதுதான் டாக்டரம்மாவின் முதல் கேள்வி. நாள்காட்டித் தாளைப் பார்த்துவிட்டு, "வலிக்கு நான் சொல்ல வேண்டியது பாதி இதுலயே இருக்கு. கட்டிய மட்டும் விடாம பாத்துடுவோம்" என்றார்.

கட்டியைப் பார்ப்பது மூன்று கட்ட வேலை: கையால் பரிசோதனை, படம், திசு. 40 வயதுக்குக் கீழே மார்பகம் அடர்த்தியாக இருப்பதால் மாமோகிராமில் கட்டி மறைந்துபோகலாம். எனவே முதலில் அல்ட்ராசவுண்ட். 40க்கு மேல் மாமோகிராமும் சேரும். ஸ்கேனில் 14 மி.மீ. நீளத்தில் முட்டை வடிவம், வழவழப்பான ஓரம், உயரத்தைவிட அகலம் அதிகம். இவை நல்ல அடையாளங்கள். ஆனாலும் புதிதாகத் தெரிந்த கட்டி என்பதால், மரத்துப்போக ஊசி போட்டு, தடித்த ஊசியால் கொஞ்சம் திசு எடுத்தார்கள். ஊசி பட்டால் புற்று பரவிவிடும் என்று மாமியார் தடுத்தார். நம் வீடுகளில் இந்தப் பேச்சு விடாப்பிடியாக உலவுகிறது. ஊசிப் பரிசோதனையால் நோய் முற்றுவதில்லை. பரிசோதனையைத் தள்ளிப்போட்டால்தான் முற்றும்.

முடிவு ஃபைப்ரோஅடினோமா. இளம் பெண்களுக்கு மிகச் சாதாரணமாக வரும், புற்றல்லாத நார்க்கட்டி. விரலுக்கு அகப்படாமல் ஓடுவதால் ஆங்கில மருத்துவர்கள் இதற்கு மார்பக எலி என்று செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். வெட்ட வேண்டியதில்லை, ஆறு மாதம் கழித்து மறுபடி ஒரு ஸ்கேன், வளர்ந்தால் எடுப்பது. வலிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

வலிக்கு டாக்டரம்மா சொன்னது எளிமையானது. சரியான அளவில், நன்றாகத் தாங்கும் உள்ளாடை, கடைசி வாரத்தில் இரவிலும். தாங்காத நாளில் டைக்ளோஃபினாக் களிம்பை வலிக்கும் இடத்தில் தடவலாம். ஈவ்னிங் பிரிம்ரோஸ் எண்ணெய் மாத்திரையை நம் ஊரில் தாராளமாக எழுதித் தருகிறார்கள். ஆய்வுகளில் அது வெற்று மாத்திரையைவிட மேலாகப் பலன் தந்ததாகத் தெளிவில்லை. புற்று இல்லை என்று தெரிந்ததுமே பலருக்கு வலியின் உறுத்தல் பாதியாகிவிடுகிறது. ஏப்ரல் 16ஆம் தேதி அவருக்கு மறுபடி கனக்கத் தொடங்கியது. தாளில் குறி போட்டுவிட்டு வகுப்புக்குப் போனார்.

நாள்காட்டிக்கும் எல்லை உண்டு. கர்ப்பப்பையை மட்டும் எடுத்து, சினைப்பையை விட்டுவைத்த பெண்களுக்குத் தீட்டு நின்றாலும் ஹார்மோன் ஏற்ற இறக்கம் நிற்பதில்லை. மாதாமாதம் மார்பு கனக்கும், எண்ணுவதற்கு முதல் நாள் இருக்காது. அவர்கள் வலிக்கும் நாட்களைக் குறித்துவைத்தால், மூன்று மாதத்தில் இடைவெளி புலப்படும். வலி முற்றிலும் ஓய்ந்த வாரம்தான் தடவிப் பார்க்க ஏற்ற வாரம்.

பயாப்ஸி முடிவை வீட்டில் படித்துச் சொன்ன மாலையில், ஆசிரியையின் அம்மா, வயது 61, வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்: "எனக்கும் வலது பக்கம் ஒண்ணு இருக்குடி, தீபாவளியிலேருந்து. வலியே இல்ல, அதான் சொல்லல."

மகள் நாள்காட்டியைத் தேடவில்லை. அம்மாவுக்கு மாதவிடாய் நின்று பத்து வருடம் ஆகிறது. மறுநாள் காலை பள்ளிக்கு விடுப்பு சொல்லிவிட்டு, மாமோகிராமுக்கு அழைத்துப் போனார்.