தலைசுற்றும்போதே எடுக்க வேண்டிய இரத்தம்

சர்க்கரை நோய் இல்லாத ஒருவருக்குக் காலைச் சாப்பாடு தள்ளிப்போனால் கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, தலை சுற்றுகிறது. இனிப்பு சாப்பிட்டதும் தெளிந்துவிடுகிறது. மறுநாள் பரிசோதித்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. காரணம் தெரிய வேண்டுமானால், தலைசுற்றும் அந்த நேரத்திலேயே, குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் இரத்தம் எடுக்க வேண்டும். ஆனால் நினைவு தப்பியவருக்கு இதற்காகச் சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது.

அந்த ஒரே இரத்தத்தில் குளுக்கோஸ், இன்சுலின், சி-பெப்டைடு மூன்றையும் பார்ப்பார்கள். கணையம் முதலில் புரோஇன்சுலின் என்ற நீண்ட புரதத்தைச் செய்கிறது. அது வெட்டுப்படும்போது இன்சுலினும் சி-பெப்டைடும் சம அளவில் பிரிந்து இரத்தத்தில் கலக்கின்றன. ஊசி மருந்தாக வரும் இன்சுலினில் சி-பெப்டைடு கிடையாது. எனவே இன்சுலின் உடலிலேயே சுரந்ததா, வெளியிலிருந்து வந்ததா என்பதைச் சி-பெப்டைடு காட்டிக்கொடுக்கிறது.

இங்கிலாந்தின் கிரந்தம் மருத்துவமனையில் 1991-இல் ஐந்து மாதக் குழந்தை ஒன்றுக்குச் சர்க்கரை திரும்பத் திரும்பச் சரிந்தது. இரத்தத்தில் இன்சுலின் மிக அதிகமாக இருந்தது. அதற்கு இணையாகச் சி-பெப்டைடு இல்லை. யாரோ இன்சுலின் செலுத்தியிருக்கிறார்கள் என்பதற்கு அது சான்றானது. செவிலியர் பெவர்லி அலிட் 1993-இல் தண்டிக்கப்பட்டார்.

இனி ஓர் எடுத்துக்காட்டு. தலைசுற்றலின்போது எடுத்த இரத்தத்தில் குளுக்கோஸ் 41 மில்லிகிராம், இன்சுலின் 9 மைக்ரோயூனிட், சி-பெப்டைடு 2 நானோகிராம் என்று வைத்துக்கொள்வோம். பின்னிரண்டும் அறிக்கையில் அச்சிட்டிருக்கும் இயல்பு வரம்புக்குள்ளேயே இருக்கும். ஆனால் அந்த வரம்பு, குளுக்கோஸ் சரியாக உள்ளவர்களுக்கானது. குளுக்கோஸ் 55-க்குக் கீழே போனால் கணையம் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட வேண்டும். அப்போதும் இன்சுலின் 3, சி-பெப்டைடு 0.6 அல்லது அதற்கு மேல் இருந்தால் கணையம் அடங்கவில்லை என்று பொருள். இரண்டுமே அடங்கியிருந்தால் கல்லீரல் பாதிப்பு, கார்டிசால் குறைவு, மது போன்ற வேறு காரணங்களைத் தேட வேண்டும்.

கணையம் அடங்காததற்கு இன்சுலினோமா என்ற சிறு கட்டி காரணமாகலாம். ஆனால் கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளும் கணையத்தைத் தூண்டி இதே எண்களைத் தரும். வீட்டில் வேறொருவரின் மாத்திரையைத் தவறுதலாக விழுங்கியிருக்கலாம். ஆகவே அதே இரத்தத்தில் இந்த மருந்துகளையும் தேடுவது அவசியம்.

மாதிரியைக் கையாள்வதிலும் பிழை நேரும். சாதாரணக் குழாயில் வெகுநேரம் வைத்தால் இரத்த அணுக்களே குளுக்கோஸைத் தின்றுவிட்டுப் பொய்யான தாழ்வைக் காட்டும். அதற்காகத்தான் ஃபுளோரைடு கலந்த குழாய். சில ஆய்வு முறைகளுக்குப் புதுவகை இன்சுலின் ஊசிகள் தெரியாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்குச் சி-பெப்டைடு வெளியேறாமல் தேங்கி, எண் கூடியிருக்கும். இவற்றையெல்லாம் சரிபார்த்து, மருந்தும் இல்லை என்று உறுதியான பிறகே கட்டியைத் தேடும் ஸ்கேனுக்கு மருத்துவர்கள் போகிறார்கள்.