பிழை வேட்டை – 6: ‘டாரி’ ஒளிந்துகொள்ளும் வரி

எஸ்.பி.எம். தேர்வுக்கு முந்தைய மாதங்களில் புக்கிட் மெர்தாஜாம் டியூஷன் வகுப்பு எதற்குள் எட்டிப்பார்த்தாலும் மலாய்மொழித் தாள் விரிந்திருக்கும். அந்தப் பாடத்தில் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது என்பதால், கணக்கில் புலியாக இருப்பவர்களும் இதற்கு அஞ்சுவார்கள். அதிலும் தமிழ்ப்பள்ளியில் படித்து, இடையில் ஓராண்டு புகுமுக வகுப்பிலும் இருந்துவிட்டு வந்த பிள்ளைகளை அதிகம் அலைக்கழிப்பது பிழை திருத்தும் பகுதிதான்.

இரண்டாம் தாளில் பல்லாண்டுகள் இருந்துவந்த வினாவின் அமைப்பு இது. மூன்று வாக்கியங்கள் தரப்படும். ஒவ்வொன்றிலும் எழுத்துப்பிழை ஒன்று, ‘இம்புஹான்’ எனப்படும் ஒட்டுப்பிழை ஒன்று. அடுத்த மூன்றில் சொற்பிழை ஒன்று, இலக்கணப் பிழை ஒன்று. கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். வாக்கியத்தைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. கூடவே ஓர் எச்சரிக்கை: ஒவ்வொரு வகையிலும் ஒன்றுக்கு மேல் பட்டியலிடக் கூடாது. சந்தேகப்பட்ட சொல்லையெல்லாம் எழுதிவைத்து எதுவாவது பலிக்கட்டும் என்று காத்திருக்கும் வழியை அந்த ஒரு வரி அடைத்துவிடுகிறது.

பயிற்சிக்கு ஒரு வாக்கியம். இதில் இரண்டுமே இலக்கணப் பிழைகள்:

“செமுவா முரிட்-முரிட் டி செகோலா இத்து மெனெரிமா ஹாடியா டாரி குரு கெலாஸ்.”

அந்தப் பள்ளி மாணவர்கள் எல்லாரும் வகுப்பாசிரியரிடமிருந்து பரிசு பெற்றார்கள் என்பது பொருள். படித்ததும் புரிகிறது, அங்கேதான் வம்பு. பொருள் கைக்கு வந்ததும் கண் அடுத்த வரிக்குத் தாவிவிடும். ஆங்கில வாசிப்பை ஆராய்ந்த கார்ப்பென்டர், ஜஸ்ட் இருவரும் 1983இல் இதை அளந்தார்கள். பெயர், வினை போன்ற கனமான சொற்களில் பத்துக்கு எட்டுக்கும் மேல் கண் நின்று போகிறது; சிறிய இலக்கணச் சொற்களில் பத்துக்கு மூன்று, நான்கில்தான் நிற்கிறது. வினாத்தாள் தயாரிப்பவர் பிழையைக் கொண்டுபோய் வைப்பதும் பெரும்பாலும் அந்தச் சிறுசொற்களில்தான்.

முதல் பிழை ‘செமுவா முரிட்-முரிட்’. எல்லாம் என்று சொன்ன பிறகு பெயரை இரட்டிக்கக் கூடாது. ‘செமுவா முரிட்’ போதும். தமிழ்ப் பிள்ளைக்கு இது கண்ணில் படாததற்குக் காரணம் உண்டு. ‘எல்லா மாணவர்களும்’ என்றுதானே நாம் சொல்கிறோம்? தாய்மொழிப் பழக்கம் பிழைக்குத் துணைபோகிறது.

இரண்டாவது பிழையில் கதை தலைகீழ். ‘டாரி’ இடத்துக்கும் காலத்துக்கும் உரியது. ஆள் கொடுத்தால், ஆளிடமிருந்து வந்தால் ‘டாரிபாடா’. தமிழ் இந்த வேறுபாட்டை எப்போதும் காக்கிறது: பள்ளியிலிருந்து, நேற்றிலிருந்து, ஆனால் ஆசிரியரிடமிருந்து. ‘ஆசிரியரிலிருந்து பரிசு வந்தது’ என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. ‘இடமிருந்து’ வரும் இடத்தில் ‘டாரிபாடா’ போட்டுப் பார் என்று கற்றுக்கொடுத்தால் பாதிச் சிக்கல் தீரும். தமிழில் ‘விட’ வருமிடத்திலும் அதேதான்: அண்ணனைவிட உயரம் என்பது ‘லெபே திங்கி டாரிபாடா அபாங்’.

அதே வாக்கியத்தில் ‘டி செகோலா’ ஒரு பொறி. ‘டி’ சில நேரம் அடுத்த சொல்லோடு ஒட்டும், சில நேரம் தனித்து நிற்கும் என்று மட்டும் தெரிந்து பதற்றத்தில் இருப்பவர்கள், இதைப் பிழை என்று எழுதிவிடுவார்கள். வினையோடு சேர்ந்தால் ஒட்டும் (‘டிபாச்சா’, படிக்கப்பட்டது). இடத்தைச் சுட்டினால் தனியே நிற்கும். இங்கே தனியே நிற்பதுதான் சரி.

பிழையில்லாததைப் பிழை என்று நினைக்கும் இந்தப் பதற்றத்தைத் தெற்கே சிங்கப்பூரில் தேர்வுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். அங்கே ஓ நிலை ஆங்கிலத் தாளில் 12 வரிப் பத்தி ஒன்று வந்தது. முதல் வரியும் கடைசி வரியும் சரியானவை. நடுவிலுள்ள பத்தில் எட்டு வரிகளில் வரிக்கொரு பிழை. இரண்டில் எதுவுமே இல்லை. அந்த இரண்டையும் திருத்தாமல் சரிக்குறி இட்டால்தான் அவற்றுக்கு மதிப்பெண். மலேசிய வினா ‘எது பிழை’ என்று கேட்டது. சிங்கப்பூர் வினா ‘பிழை உண்டா’ என்பதிலிருந்தே தொடங்கியது. இரண்டாவதுதான் கடினம் என்பது இத்தொடரின் கருத்து. அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவருக்கு எந்த வரியில் எத்தனை பிழை என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லையே.

பொருளுக்காக ஒருமுறை படித்துவிட்டு, பிறகு பொருளை மறந்து சொல்வகை வாரியாகத் தேடுவது பலன் தரும். ஒரு சுற்றில் வினைகளின் ஒட்டுகளை மட்டும் பார்க்கலாம். அடுத்த சுற்றில் ‘டி’, ‘கெ’, ‘டாரி’, ‘பாடா’ போன்றவற்றின் மேல் மட்டும் விரல் வைத்து, ஒவ்வொன்றும் எந்தச் சொல்லோடு சேர்கிறது என்று கேட்கலாம். கடைசிச் சுற்று, இரட்டித்த பெயர்களுக்கு. விரல் வைப்பது சின்னப் பிள்ளைத்தனமாகத் தோன்றலாம். தாவும் கண்ணை நிறுத்த அதைவிட எளிய வழி கிடையாது.

ஆனால் ‘இடமிருந்து’ உத்தி எல்லா இடத்திலும் கைகொடுக்காது. மரத்தால் செய்த மேசை என்பதற்கு மலாயில் ‘டிபெர்புவாட் டாரிபாடா காயு’ என்றே வரும். மரத்திடமிருந்து என்று யாரும் சொல்வதில்லை. தமிழை நம்பிப் போன பிள்ளை அங்கே ‘டாரி’ போட்டு மாட்டிக்கொள்ளும். ஒரு பொருள் எதனால் ஆனது என்று சொல்லும் இடங்களைத் தனிப் பட்டியலாக எழுதி மனப்பாடம் செய்யத்தான் வேண்டியிருக்கிறது.