30 நொடியில் அறுந்துபோகும் குவெரி

மதியம் வரை ஒழுங்காக வந்துகொண்டிருந்த விற்பனை அறிக்கை திடீரென்று திறக்க மறுக்கிறது. 30 நொடி சுற்றிவிட்டு, ‘Execution Timeout Expired’ என்று நின்றுபோகிறது. நிரலாளர் அதே ஸ்டோர்டு புரோசீஜரை, அதே வாடிக்கையாளர் எண்ணோடு, மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் ஓட்டிப் பார்க்கிறார். 2 நொடியில் விடை வந்துவிடுகிறது. சர்வர் நன்றாக இருக்கிறது, நெட்வொர்க்கில்தான் கோளாறு என்று அவருக்குத் தோன்றும். பெரும்பாலும் கோளாறு அங்கே இருப்பதில்லை.

அந்த 30 நொடிக் கெடுவை வைத்தது சர்வர் அல்ல. டாட் நெட் நிரல்கள் வழக்கமாகக் காத்திருக்கும் நேரம் அது. ஸ்டுடியோ எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும். ஆனால் அங்கே ஏன் 2 நொடியிலேயே முடிகிறது?

எஸ்.கியூ.எல். சர்வர் ஒரு குவெரியை முதல்முறை ஓட்டும்போது, எந்த வழியில் தரவை எடுப்பது என்று ஒரு பிளான் போடுகிறது. அப்போது வந்த மதிப்பைப் பார்த்தே போடுகிறது. இதுதான் பாராமீட்டர் ஸ்னிஃபிங். பிறகு அந்தப் பிளானைச் சேமித்துவைத்து, அடுத்து வருவோருக்கும் அதையே பயன்படுத்துகிறது.

ஒரு கோடி ஆர்டர்கள் உள்ள அட்டவணை என்று வைத்துக்கொள்வோம். மதியம் அதன் புள்ளிவிவரங்கள் புதுப்பிக்கப்படுகின்றன. பழைய பிளான் செல்லாததாகிறது. அடுத்து முதலில் வருபவர் 12 ஆர்டர் மட்டுமே உள்ள சிறு கடைக்காரர். இண்டெக்ஸைப் பார்த்து, ஒவ்வொரு ஆர்டராகப் போய் எடுக்கும் பிளான் உருவாகிறது. 12 வரிகளுக்கு அது மிகச் சரியான வழி. அவருக்குப் பின் 20 லட்சம் ஆர்டர் உள்ள மொத்த வியாபாரி வருகிறார். அட்டவணையை ஒரே வீச்சில் படித்தால் சீக்கிரம் முடியும். சர்வரோ சேமித்த பிளான்படி 20 லட்சம் முறை போய்ப்போய் வருகிறது. அதற்குள் கெடு தீர்ந்துவிடுகிறது.

ஸ்டுடியோ தப்பிப்பதற்குக் காரணம் `ARITHABORT` என்ற சின்ன அமைப்பு. ஸ்டுடியோவில் அது வழக்கமாக ON, டாட் நெட் இணைப்பில் OFF. இந்த அமைப்பு வேறானால் சேமிக்கும் பிளானும் வேறு. ஆகவே நிரலாளர் சோதித்தது, பெரிய வியாபாரியின் எண்ணுக்கென்றே புதிதாகப் போடப்பட்ட இன்னொரு பிளானை. நிரல் படும் பாட்டைப் பார்க்க இப்படி ஓட்ட வேண்டும்:

```sql
SET ARITHABORT OFF;
EXEC dbo.GetOrders @CustomerId = 4071;
```

இப்போது ஸ்டுடியோவிலும் இழுத்தால் நோய் பிடிபட்டது.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நிரலிலும் `ARITHABORT ON` என்று வைத்தவுடன் வேகம் வந்துவிடும். வேறொரு பிளான் கிடைத்ததுதான் காரணம். இன்னொரு நாள் சிறு கடைக்காரர் முந்திக்கொண்டால் பழைய கதைதான். `sp_recompile` கொடுத்துப் பிளானைத் தூக்கி எறிவதும் அவசரத்துக்கு உதவுமே தவிர, நிலைக்காது.

அறிக்கை போல எப்போதாவது ஓடும் குவெரியின் கடைசியில் `OPTION (RECOMPILE)` சேர்ப்பது நல்ல தீர்வு. ஒவ்வொரு முறையும் அந்த மதிப்புக்கு ஏற்ற பிளான் புதிதாகப் போடப்படும். நொடிக்கு நூறு முறை ஓடும் குவெரியில் சேர்த்தால், பிளான் போடுவதிலேயே பிராசஸர் திணறும். அங்கே, ஆர்டரோடு தேவையான பத்திகளையும் இண்டெக்ஸிலேயே சேர்த்துவிடலாம். போய்ப்போய் வரும் வேலையே இல்லாததால் அந்த ஒரே பிளான் சிறியவருக்கும் பெரியவருக்கும் பொருந்தும்.