லோடு கொடுத்ததும் இறங்கும் வோல்ட்

12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, டயோடு இரண்டு, 100 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் இரண்டு. இவற்றை முறையாக இணைத்து மல்டிமீட்டரை வைத்தால் சுமார் 32 வோல்ட் காட்டும். இதுதான் வோல்டேஜ் டபுளர்.

12 வோல்ட் ஏசி என்பது ஆர்எம்எஸ் கணக்கு. அதன் உச்சம் 17. அலையின் ஒரு பாதியில் முதல் டயோடு வழிவிட, முதல் கப்பாசிட்டர் 17 வோல்ட் வரை நிரம்புகிறது. மறுபாதியில் திசை மாறுகிறது. டிரான்ஸ்ஃபார்மரின் 17 வோல்ட்டும் கப்பாசிட்டரில் தேங்கிய 17 வோல்ட்டும் ஒன்றாகக் கூடி, இரண்டாவது டயோடு வழியே அடுத்த கப்பாசிட்டரை நிரப்புகின்றன. மொத்தம் 34. அதில் டயோடுகள் ஆளுக்கு 0.7 வோல்ட் பிடித்துக்கொள்கின்றன.

இதில் 10 மில்லியாம்ப் இழுக்கும் லோடைக் கொடுத்தால் 32 நிற்காது. வெளியே மின்சாரம் தரும் கப்பாசிட்டருக்கு விநாடிக்கு 50 முறைதான் நிரப்பு கிடைக்கிறது. இடைப்பட்ட நேரத்தில் அது 2 வோல்ட் இழந்துவிடுகிறது. அதை நிரப்பப் போன முதல் கப்பாசிட்டரும் அதே அளவு வற்றுவதால், உச்சமே 2 வோல்ட் தாழ்ந்துவிடுகிறது. மீட்டர் காட்டும் சராசரி 29.5 வோல்ட் அளவுக்கு வந்து நிற்கும். 100 மில்லியாம்ப் கேட்டாலோ சர்க்யூட் படுத்தே விடும். 1000 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர்களைப் போட்டால்தான் எழும்பும்.

இதே அமைப்பை அடுக்கடுக்காக ஏற்றினால் மல்டிப்ளையர். கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் 1932-ல் காக்ராஃப்டும் வால்டனும் லித்தியம் அணுக்கருவைப் பிளந்தது இத்தகைய அடுக்கில் உண்டான பல லட்சம் வோல்ட்டால்தான். 1951-ல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

அடுக்கு கூடக் கூட, கைமாற்றி ஏற்றும் தண்ணீர்க் குடம்போல மின்னூட்டம் ஒவ்வொரு படியிலும் கைமாறுகிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் கொஞ்சம் குறைகிறது. உச்சம் 500 வோல்ட், அதிர்வெண் 20 கிலோஹெர்ட்ஸ், கப்பாசிட்டர்கள் 10 நானோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து அடுக்கில் லோடு இல்லாமல் 5,000 வோல்ட் வரும். 1 மில்லியாம்ப் எடுத்தால் இறக்கம் சுமார் 475 வோல்ட், பரவாயில்லை. பத்து அடுக்காக்கினால் 10,000 வோல்ட் வர வேண்டும். ஆனால் அதே 1 மில்லியாம்புக்கு இறக்கம் 3,500-ஐத் தாண்டுகிறது! அடுக்கு இரட்டிப்பானால் இழப்பு கிட்டத்தட்ட எட்டு மடங்காகும் என்பதே இதன் கொடுமை.

ஆகவே வோல்ட் போதவில்லை என்று அடுக்கைக் கூட்டுவது பெரும்பாலும் வீண் வேலை. அதிர்வெண்ணை உயர்த்துவதே மலிவான வழி. கொசு பேட்டுக்குள் இருக்கும் சின்னஞ்சிறு கப்பாசிட்டர்கள் ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸில் நிரம்புவதால்தான் சமாளிக்கின்றன. அந்த பேட்டைப் பிரித்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சுவிட்சை அணைத்த பிறகும் அவற்றில் மின்சாரம் தேங்கியிருக்கும் என்பதை மறக்காமல், ஒரு ரெசிஸ்டர் வழியே வடித்துவிட்டுத் தொடுங்கள்.