விடை சரி, கணக்கு தப்பு

பத்தாம் வகுப்பில் ஒருநாள் கரும்பலகையில் ஒரு கேள்வி எழுதிப் போட்டேன். பையில் 6 சிவப்புப் பந்து, 4 நீலப் பந்து. பார்க்காமல் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு எடுக்கிறோம். எடுத்ததைத் திரும்பப் போடுவதில்லை. இரண்டுமே சிவப்பாக இருக்க நிகழ்தகவு என்ன?

விடை 1/3. கடைசி பெஞ்சுப் பையன் பேனாவைக்கூட எடுக்காமல் சொல்லிவிட்டான். எப்படி என்று கேட்டேன். "ரெண்டும் சிவப்பு, ரெண்டும் நீலம், கலருக்கு ஒண்ணு. மூணுதானே சார்? அதுல ஒண்ணு."

முறைப்படி செய்தால் 6/10 × 5/9, அதாவது 30/90. இரண்டும் நீலமாக வருவது 12/90தான். கலருக்கு ஒன்றாக வருவதோ 48/90. மூன்றும் சமம் என்று அவன் நினைத்தது தப்பு. ஆனால் நான் தேர்ந்த எண்கள் அந்தத் தப்புக்கும் முழு மதிப்பெண் கொடுத்துவிட்டன. அவனைக் குறை சொல்ல முடியாது. தாலம்பேர் என்ற பிரெஞ்சுக் கணித மேதையே 1754இல், நாணயத்தை இருமுறை சுண்டினால் ஒரு தலையாவது விழும் வாய்ப்பு 2/3 என்று எழுதினார். முதலிலேயே தலை, பூவுக்குப் பின் தலை, இரண்டும் பூ என்று மூன்றையும் சமமாக எண்ணிவிட்டார். சரியான விடை 3/4.

மறுநாள் பந்துகளைப் பாதியாக்கினேன்: 3 சிவப்பு, 2 நீலம். இப்போது விடை 3/5 × 2/4, அதாவது 3/10. பையனின் வழியில் போனால் 1/3 வரும். பந்தைத் திரும்பப் போட்டதாக நினைப்பவருக்கு 9/25 வரும். மேலே ஒன்றைக் கழித்துவிட்டுக் கீழே கழிக்க மறந்தவருக்கு 6/25. நான்கும் நான்கு எண்கள். பிள்ளை எதை வட்டமிடுகிறதோ, அதை வைத்தே எங்கே சறுக்கியது என்று ஊகிக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு வட்டமிட்டாலும் நான்கில் ஒன்று சரியாகிவிடும் என்பதால், பக்கத்தில் ஒரு வரி காரணமும் எழுதச் சொல்கிறேன். 3/5ஐயும் 2/4ஐயும் கூட்டி 11/10 என்று வருவதை மட்டும் நான் விருப்பமாக வைப்பதில்லை. நிகழ்தகவு ஒன்றைத் தாண்டாது என்று தெரிந்த பிள்ளை கணக்கே போடாமல் அதை அடித்துவிடும்.

சீட்டுக்கட்டில் வேறொரு சிக்கல். ராஜா அல்லது ஹார்ட் வர நிகழ்தகவு 16/52. ஹார்ட் ராஜாவை இருமுறை எண்ணினால் 17/52. சரியான விடையை மட்டும் 4/13 என்று சுருக்கி எழுதினால் அது தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். ஆகவே எல்லாவற்றையும் 52க்கு மேலேயே விடுவது நல்லது. வீட்டில் சீட்டையே தொடவிடாத பிள்ளைகளுக்காக, கட்டில் 4 ராஜா, 13 ஹார்ட் என்று கேள்வியிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நகல் எடுக்கும் முன் ஒவ்வொரு தப்பான வழியிலும் நீங்களே ஒருமுறை போய்ப் பாருங்கள். ஏதாவது ஒன்று சரியான விடையில் வந்து முட்டினால், பந்துகளின் எண்ணிக்கையை மாற்றிவிடுங்கள்.