ஒரு தட்டுச் சாப்பாட்டின் கணக்கு

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலை கேன்டீன் டெண்டர் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தினமும் 600 மதியச் சாப்பாடு, மாதம் முப்பது நாளும். ஒரு தட்டுக்கு என்ன விலை எழுதுவது?

முதலில் மளிகை. சாதம், சாம்பார், ரசம், பொரியல், மோர், அப்பளம் எல்லாம் சேர்த்து இன்றைய விலையில் 32 ரூபாய் வருகிறது என்போம். இதில் ஏமாற்றுவது சாதம்தான். தலைக்கு 200 கிராம் அரிசி என்று போட்டால் நாளுக்கு 120 கிலோ. ஆனால் ‘சாதம் அளவில்லாமல்’ என்று டெண்டரில் எழுதியிருந்தால், நின்று வேலை செய்கிறவர்கள் 250 கிராம் கூடச் சாப்பிடுவார்கள். கிலோ 50 ரூபாய் என்றாலே மாதம் 45,000 ரூபாய் கூடுதல். அதனால் விலை எழுதும் முன் இரண்டு நாள் அந்த கேன்டீனிலேயே நின்று அரிசி எவ்வளவு வேகிறது என்று பார்ப்பது நல்லது.

அடுத்தது ஆள் கணக்கு. பலர் கவிழ்வது இங்கேதான். மாஸ்டர், உதவியாளர்கள், பரிமாறுபவர்கள், பாத்திரம் தேய்ப்பவர்கள் என்று தினமும் 18 பேர் வேண்டும். பி.எஃப்., இ.எஸ்.ஐ., போனஸ் சேர்த்து ஆளுக்குச் சராசரி 20,000 ரூபாய். பதினெட்டைப் பெருக்கி 18,000 தட்டுக்கு வகுத்தால் 20 ரூபாய். எரிவாயுவுக்கும் மற்றதுக்கும் 6 ரூபாய் சேர்த்தால் மொத்தம் 58. 62 என்று எழுதினால் தட்டுக்கு 4 ரூபாய் நிற்கும் என்று தோன்றும்.

ஆனால் ஆளுக்கு வாரம் ஒருநாள் லீவு உண்டே! தினமும் 18 பேர் அடுப்படியில் நிற்க, சம்பளப் பட்டியலில் 21 பேர் இருக்க வேண்டும். அப்போது ஆள் செலவு 23 ரூபாய் 33 காசு. அந்த நான்கு ரூபாயில் மிஞ்சுவது 67 காசு. இந்தப் பள்ளத்தைச் சமாளிக்க, லீவே கொடுக்காமல் ஆட்களை வேலை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது அநியாயம். களைத்த கை சுத்தத்திலும் கோட்டை விடும்.

பரிமாறும் தரமும் ஆள் கணக்கோடு சேர்ந்ததே. 300 பேர் ஒரே நேரத்தில் வந்தால், நிமிடத்துக்கு ஆறு பேருக்குப் பரிமாறும் நான்கு கவுண்டர் இருந்தால்கூட கடைசி ஆள் தட்டு வாங்கப் பன்னிரண்டு நிமிடம் தாண்டும். அரைமணி இடைவேளையில் அதற்கு மேல் தாங்காது. ‘பத்து நிமிடத்துக்கு மேல் வரிசை நின்றால் அபராதம்’ என்று ஒப்பந்தத்தில் இருந்தால் ஐந்தாவது கவுண்டருக்கும் ஆள் போட்டே விலை எழுத வேண்டும்.

கடைசியாக ஒன்று. உற்பத்தி குறைந்து 450 பேர்தான் சாப்பிட வந்தால், அதே 21 பேரின் சம்பளம் தட்டுக்கு 31 ரூபாயாக ஏறிவிடும். 62 ரூபாய் விலையில் அந்த மாதம் ஏறக்குறைய 96,000 ரூபாய் நஷ்டம். எனவே கையெழுத்திடும் முன் கடந்த ஆறு மாதத்தின் தினசரித் தட்டு எண்ணிக்கையைக் கேட்டு வாங்குங்கள். குறைந்தது இத்தனை தட்டுக்குப் பணம் உறுதி என்ற ஷரத்தையும் எழுத்தில் பெறுங்கள்.